ஒரே சராசரி, மூன்று முடிவுகள்: 2000இல் ஓய்வு பெற்ற ஒருவரின் கணக்கு

2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஒருவர் ஓய்வு பெறுகிறார். கையில் இருக்கும் மொத்தச் சேமிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணம், பின்னால் எத்தனை சுழியம் என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. வேறு வருமானம் கிடையாது. இந்த 100 இன்னும் 30 ஆண்டுகளுக்கு வர வேண்டும்.

மனிதர் நான் கணக்குக்காக உருவாக்கியவர். ஆனால் அவர் பணம் சந்தித்த லாப நட்டம் எல்லாம் உண்மை. முழுத் தொகையையும் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்பற்றும் ஒரு ஃபண்டில் வைத்திருந்தார் என்று எடுத்துக்கொண்டு, 2000 முதல் 2019 வரை அந்தக் குறியீடு டிவிடெண்டையும் சேர்த்து ஆண்டுதோறும் எவ்வளவு தந்ததோ அதையே போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறேன். வரியும் ஃபண்ட் கட்டணமும் சேர்க்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் முடிவு இன்னும் மோசமாகும்.

எடுக்கும் முறை எளிமையானது. ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த ஆண்டுச் செலவுக்கான பணத்தை மொத்தமாக எடுத்துவிடுவார். முதல் ஆண்டு 5. அடுத்த ஆண்டு முதல் விலைவாசிக்காக 2 சதவீதம் கூட்டிக்கொள்வார்: 5.1, 5.2, 5.3 என்று போகும். அந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்கப் பணவீக்கம் ஆண்டுக்குச் சராசரியாக 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. அதனால் இது பேராசையான ஏற்றம் இல்லை, அதே வாழ்க்கையைத் தொடரத் தேவையான ஏற்றம்தான்.

5 என்ற எண்ணை அவர் ஏன் எடுத்தார் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1995 முதல் 1999 வரை ஐந்து ஆண்டுகளிலும் அந்தக் குறியீடு ஒவ்வோர் ஆண்டும் 20 சதவீதத்துக்கு மேல் தந்திருந்தது. அதை நம்ப வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, நீண்ட காலச் சராசரியான 10 சதவீதத்தை எடுத்துக்கொண்டாலும், பணவீக்கத்துக்கு 3 போக 7 மிஞ்சுகிறது. அதில் 5 எடுத்தால் 2 சதவீதம் பாதுகாப்புக்கு இருக்கிறதே என்று தோன்றும். 1999 டிசம்பரில் இப்படிக் கணக்குப் போட்டவரை யாரும் ஊதாரி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

நடந்தது இது. 2000இல் சந்தை 9 சதவீதம் இறங்கியது. 2001இல் 12, 2002இல் 22 சதவீதம் இறங்கியது. 2003 ஜனவரியில் அவர் கணக்கைத் திறந்தபோது இருந்தது 51.7. மூன்று ஆண்டுகளில் அவர் எடுத்தது 15.3 மட்டுமே, மீதி எல்லாம் சந்தை கொண்டுபோனது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் சந்தை ஏறியது. ஆனாலும் அவர் கையிருப்பு 57க்கும் 60க்கும் நடுவிலேயே நின்றது. 2008இல் 37 சதவீதம் விழுந்ததும் 32 ஆனது. அப்புறம் 2009 முதல் சந்தை நீண்ட காலத்துக்கு நன்றாகவே ஏறியது. அந்த ஏற்றத்தில் பங்கெடுக்க அவரிடம் பணம் மிஞ்சியிருக்கவில்லை. 2017 ஜனவரியில் அவருக்குத் தேவைப்பட்டது 7, இருந்தது 3.3. முப்பது ஆண்டுக்கான பணம் பதினேழு ஆண்டுகளில் முடிந்துவிட்டது.

இதைக் கேட்டதும் பலரும் சொல்வது, "அது மோசமான காலம், என்ன செய்ய முடியும்?" என்பதுதான். ஆனால் அந்த இருபது ஆண்டுகள் மொத்தத்தில் மோசமானவை அல்ல. 2000 தொடக்கத்தில் 100 போட்டு, ஒரு பைசாகூட எடுக்காமல் 2019 முடிவு வரை விட்டிருந்தால் அது 324 ஆகியிருக்கும். கூட்டு வளர்ச்சியாகச் சொன்னால் ஆண்டுக்கு 6 சதவீதம். இதே 6 சதவீதம் ஒவ்வோர் ஆண்டும் ஏற்ற இறக்கமே இல்லாமல் சீராக வந்திருந்தால், அவர் அதே 5, 5.1, 5.2 என்று எடுத்துக்கொண்டே போயும் இருபது ஆண்டு முடிவில் சுமார் 95 கையில் இருந்திருக்கும்.

இப்போது அவருக்கு ஒரு தம்பி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே 100, அதே செலவு. ஒரே வித்தியாசம், தம்பிக்கு அந்த இருபது ஆண்டுகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன. 2019இன் 31 சதவீத லாபம் முதல் ஆண்டிலேயே கிடைக்கிறது. 2000இன் நட்டம் கடைசி ஆண்டில் வருகிறது. எண்கள் அதேதான், ஒன்றுகூட மாறவில்லை. பணம் எடுக்காமல் விட்டிருந்தால் தம்பிக்கும் சரியாக 324தான் வந்திருக்கும், ஏனென்றால் பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது. ஆனால் ஆண்டுதோறும் எடுத்தபோது தம்பிக்கு இருபது ஆண்டு முடிவில் மிஞ்சியது சுமார் 163. தம்பியின் காலத்திலும் 37 சதவீத வீழ்ச்சி வந்தது, கடைசி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நட்டம்தான். அவை வருவதற்குள் அவர் பணம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது.

அண்ணனுக்குப் பதினேழு ஆண்டுகளில் வெறுங்கை, சீரான கணக்கில் 95, தம்பிக்கு 163. மூன்றுக்கும் சராசரி ஒன்றுதான். ஓய்வுக்காலத் திட்டத்தில் "சராசரியாக இத்தனை சதவீதம் வரும்" என்று ஒரே ஒரு எண்ணைப் போட்டு அட்டவணை தயாரித்துக் கொடுப்பவர்கள் அந்த நடு எண்ணை மட்டும் காட்டுகிறார்கள். அண்ணன் வாழும் வாழ்க்கை அந்த அட்டவணையில் எங்கேயும் தெரியாது. வருமான வரிசை ஆபத்து என்று சொல்வது இதைத்தான்.

யூனிட் கணக்கில் பார்த்தால்

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை யூனிட்டுகளாக மாற்றிப் பார்த்தால் தெளிவாகப் புரியும். 2000 ஜனவரியில் அண்ணனிடம் 100 யூனிட் இருக்கிறது, ஒன்றின் விலை 1. செலவுக்கு 5 வேண்டும், 5 யூனிட்டை விற்கிறார். அடுத்த ஜனவரியில் விலை 0.91. அவருக்கு வேண்டிய 5.1ஐப் பெற 5.6 யூனிட் விற்க வேண்டும். அடுத்து விலை 0.80, விற்பது 6.5 யூனிட். 2003 ஜனவரியில் விலை 0.62, செலவுக்கு 5.3 வேண்டுமென்றால் 8.5 யூனிட்டை விற்றாக வேண்டும். நான்கே தவணைகளில் அவர் யூனிட்டில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது.

தம்பிக்கு அதே நான்காம் ஜனவரியில் யூனிட் விலை 1.53. அதே 5.3ஐப் பெற அவர் விற்பது 3.5 யூனிட்தான்.

விற்ற யூனிட் திரும்ப வராது. 2006 முடிவில் யூனிட் விலை 1.08 ஆகிவிட்டது. சந்தை விட்ட இடத்தைப் பிடித்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியடைந்த நேரம் அது. அண்ணன் கையில் அப்போது இருந்தது 55 யூனிட் மட்டுமே, மதிப்பு 60. விலை மீண்டுவிட்டது, ஆனால் மீண்டதன் பலனை வாங்கிக்கொள்ள வேண்டிய யூனிட்டில் கிட்டத்தட்ட பாதி அவரிடம் இல்லை. "பொறுத்திருந்தால் சந்தை திரும்ப வரும்" என்ற அறிவுரை, பணம் எடுக்காமல் இருப்பவருக்குச் சரி. மாதாமாதம் சேமித்துக்கொண்டிருப்பவருக்கு அதைவிடச் சரி. வீழ்ச்சியில் அவர் மலிவாக வாங்குகிறார். ஆனால் எடுத்துச் சாப்பிடுகிறவருக்கு அதே அறிவுரை தலைகீழாகிவிடுகிறது. இந்த இடத்தைத்தான் என்னிடம் பேசுகிற ஒவ்வொரு ஓய்வுபெற்றவரிடமும் நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது.

முதல் சில ஆண்டுகளுக்கு ஏன் இத்தனை பலம் என்பதும் இதிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் விற்கும் ஒவ்வொரு யூனிட்டும் அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டு வளர்ச்சியை இழக்கிறது. கடைசி ஆண்டில் விற்கும் யூனிட் எதையும் இழப்பதில்லை. அதனால் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னும், பெற்றபின் முதல் பத்து ஆண்டுகளிலும் வரும் வீழ்ச்சிதான் ஆளைச் சாய்ப்பது. பதினெட்டாம் ஆண்டில் வரும் அதே வீழ்ச்சி தம்பிக்கு வெறும் கீறல்.

எப்போது தெரிந்திருக்க வேண்டும்

அண்ணன் 2017இல் திடீரென்று திவாலாகவில்லை. அறிகுறி நெடுநாளாகவே இருந்தது. அதைப் பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும்: இந்த ஆண்டு எடுக்கப்போகும் தொகையை, எடுப்பதற்கு முன் இருக்கும் கையிருப்பால் வகுத்துச் சதவீதமாக்க வேண்டும். இதை நடப்பு விகிதம் என்று அழைக்கலாம். முதல் ஆண்டில் அது 5 சதவீதம். 2001 ஜனவரியில் 5.9. 2002இல் 7.3. 2003இல் 10.3.

மீதம் 27 ஆண்டுகள் ஓட வேண்டிய பணத்தில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கை எடுப்பதை எந்தச் சந்தையும் நெடுநாள் தாங்காது. அதன்பின் நல்ல ஆண்டுகள் வந்தும் நடப்பு விகிதம் 9க்குக் கீழே இறங்கவே இல்லை. 2008 வீழ்ச்சி முடிந்து 2009 ஜனவரியில் அது 18க்கு மேல் போயிருந்தது. ஆக, உண்மையில் கதை முடிந்தது 2003இல். அதற்குப் பிந்தைய பதினான்கு ஆண்டுகள் அந்த முடிவு மெல்ல வெளியே தெரிந்த காலம். ஜனவரிதோறும் இந்த ஒரு வகுத்தலைச் செய்து ஒரு நோட்டில் எழுதி வந்திருந்தால் இரண்டாம் வரியிலேயே புருவம் உயர்ந்திருக்கும், மூன்றாம் வரியில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்.

பலர் பார்ப்பது வேறு எண்ணை. "போன வருஷம் சந்தை எவ்வளவு தந்தது?" என்று பார்க்கிறார்கள். 2003இல் சந்தை 29 சதவீதம் ஏறியது. அதைப் பார்த்து நிம்மதியடைந்திருந்தால், அந்த ஏற்றம் பாதியாகிவிட்ட கையிருப்பின் மேல் வந்த ஏற்றம் என்பது மறைந்துபோகும்.

4 என்று தொடங்கியிருந்தால்

4 சதவீத விதியைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. 1926 முதலான அமெரிக்கத் தரவை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டிலும் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தார். பங்கும் கடன்பத்திரமும் கலந்த சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனால், மிக மோசமான தொடக்க ஆண்டிலும் 30 ஆண்டு தாங்கியது என்பதுதான் அவர் கண்டது. அந்த எண் சராசரியிலிருந்து வந்ததல்ல. அண்ணனைப் போன்ற துரதிருஷ்டசாலிகளிடமிருந்து வந்தது. அதன் மதிப்பும் அதுதான்.

இதை இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, ஆண்டுதோறும் இருப்பதில் 4 சதவீதம் எடுப்பது என்று நினைப்பது. அது வேறு முறை. அப்படி எடுத்தால் பணம் ஒருபோதும் முழுதாகத் தீராது, ஆனால் வருமானம் சந்தையோடு சேர்ந்து ஆடும். அண்ணன் ஆண்டுதோறும் இருப்பதில் 5 சதவீதம் என்று எடுத்திருந்தால், 2003இல் அவருக்குக் கிடைத்திருப்பது 2.7. மூன்றே ஆண்டில் பாதிச் சம்பளம். இரண்டாவது, 30 ஆண்டுக்கான எண்ணை 45 ஆண்டுக்கும் பயன்படுத்துவது. நாற்பதுகளிலேயே ஓய்வு பெறுகிறவருக்கு இந்த எண் பொருந்தாது. இன்னும் குறைவாகத்தான் தொடங்க வேண்டும்.

சரி, அண்ணன் 4இல் தொடங்கியிருந்தால்? மற்ற எல்லாம் அப்படியே, முழுக்கப் பங்கு, ஆண்டுக்கு 2 சதவீத ஏற்றம். 2019 முடிவில் அவரிடம் 45 இருக்கிறது. தீர்ந்துபோகவில்லை. ஆனால் 2020 ஜனவரியில் அவருக்குத் தேவை 5.9, அதாவது நடப்பு விகிதம் 13 சதவீதம், இன்னும் ஓட வேண்டியது பத்து ஆண்டு. தப்பிக்கலாம், இன்னொரு பெரிய வீழ்ச்சி வராவிட்டால். 1 குறைவாக எடுத்தது அவரைக் காப்பாற்றியது. நிம்மதியாக உட்கார வைக்கவில்லை.

என்ன கலந்து வைத்திருந்தார் என்பது

5ஐ விடாமல், சேமிப்பை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 60 பங்கில், 40 பத்தாண்டு அமெரிக்க அரசுக் கடன்பத்திரத்தில். ஒவ்வொரு ஜனவரியிலும் செலவுக்கு எடுத்தபின் மீண்டும் 60க்கு 40 என்று சரிசெய்துவிடுவது. அதே ஆண்டுகள், அதே 5, 5.1, 5.2.

2003 ஜனவரியில் கையிருப்பு 75.5, முழுக்கப் பங்கில் இருந்தபோது 51.7. 2008 வீழ்ச்சிக்குப் பிறகு 66, அங்கே 32. 2019 முடிவில் 60 மிஞ்சுகிறது. முழுப் பங்கில் பதினேழு ஆண்டில் தீர்ந்த அதே செலவு, இங்கே இருபது ஆண்டு ஓடி இன்னும் பாதிக்கு மேல் வைத்திருக்கிறது.

காரணம் கடன்பத்திரம் அதிக லாபம் தந்தது என்பதைவிட, எப்போது தந்தது என்பதில் இருக்கிறது. 2000, 2002, 2008 மூன்றிலும் பங்கு விழுந்தபோது அரசுக் கடன்பத்திரம் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதனால் அந்த ஜனவரிகளில் செலவுக்கு வேண்டிய பணம் ஏறியிருந்த பக்கத்திலிருந்து வந்தது. மறுபடி 60க்கு 40 என்று சரிசெய்தபோது, விழுந்து மலிவாகிக் கிடந்த பங்கை வாங்கவும் செய்தார். 0.62 விலைக்கு 8.5 யூனிட் விற்கும் கட்டாயம் இல்லாமல் போனதுதான் இதில் கிடைத்த பெரிய லாபம்.

ஆனால் இது எப்போதும் கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2022இல் பங்கும் கடன்பத்திரமும் ஒரே ஆண்டில் சேர்ந்து விழுந்தன. பத்தாண்டு அமெரிக்க அரசுக் கடன்பத்திரத்தின் நட்டம் கிட்டத்தட்டப் பங்கின் நட்டத்துக்கு இணையாக 18 சதவீதத்தைத் தொட்டது. இருப்பில் உள்ள கடன்பத்திரத்தின் ஆயுள் நீளமாக இருந்தால் வட்டி விகிதம் ஏறும்போது அடி பலமாக விழும். செலவுக்கான முதல் இரண்டு மூன்று ஆண்டுப் பணத்தைக் குறுகிய கால வைப்பிலோ குறுகிய காலக் கடன்பத்திரத்திலோ வைப்பதற்குக் காரணம் இதுதான். அதிலும் ஓர் எல்லை உண்டு: 2000இல் தொடங்கிய வீழ்ச்சியே மூன்று ஆண்டு நீடித்தது. இரண்டு ஆண்டு ரொக்கம் அதற்குப் போதாது.

அமெரிக்க வரலாற்றில் அண்ணனைவிடவும் கடினமான காலத்தைச் சந்தித்தவர்கள் 1960களின் பின்பாதியில் ஓய்வு பெற்றவர்கள். பெங்கனின் 4 சதவீத எண்ணே அவர்களிடமிருந்துதான் வந்தது. அவர்களைச் சாய்த்ததில் சந்தை வீழ்ச்சிக்குச் சமமான பங்கு விலைவாசிக்கு இருந்தது. 1966க்கும் 1981க்கும் நடுவே அமெரிக்க விலைவாசி ஏறத்தாழ மூன்று மடங்கானது. 4 என்று தொடங்கியவர் பதினைந்து ஆண்டில் அதே வாழ்க்கைக்கு 12 எடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சூழலில் சாதாரணக் கடன்பத்திரம் கவசமாக இருக்காது, அதுவும் சேர்ந்து தேயும். வரிசை ஆபத்தைச் சந்தை வீழ்ச்சி என்று மட்டும் நினைப்பவர்கள் தவறவிடுவது இந்தப் பாதியை. நடப்பு விகிதம் என்ற வகுத்தல் இதையும் காட்டிக்கொடுக்கும். அதில் கீழே இருப்பது கையிருப்பு, மேலே இருப்பது விலைவாசியோடு ஏறும் செலவு.

செலவை அசைத்துப் பார்ப்பது

கடைசியாக, 60க்கு 40 கலவையோடு, செலவையும் நிலைமைக்கேற்ப மாற்றும் முறையை அண்ணனுக்குப் போட்டுப் பார்த்தேன். ஜொனாதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் என்ற இருவர் 2006இல் எழுதிய வேலி விதிகளின் எளிமையான வடிவம் இது. சேமிப்பு நட்டம் கண்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டு விலைவாசி ஏற்றம் கிடையாது. நடப்பு விகிதம் தொடக்க விகிதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டால், அதாவது 6 சதவீதத்தைத் தாண்டினால், அந்த ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வெட்டு. மாறாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 4க்குக் கீழே போனால் 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

2002இல் ஏற்றம் இல்லை. 2003இல் விகிதம் 6.7ஐத் தொட்டதால் முதல் வெட்டு; செலவு 5.1இலிருந்து 4.6 ஆகிறது. அப்புறம் ஐந்து ஆண்டு அமைதி. 2009 ஜனவரியில் இரண்டாவது வெட்டு, 2010இல் இன்னும் 6.3இல் இருந்ததால் மூன்றாவது. 2010இல் அவர் எடுத்தது 4.2. அதன்பின் வெட்டே இல்லை. 2019 முடிவில் கையிருப்பு 114.

பணம் தீர்ந்துபோவதில் தொடங்கி 114 வரை வந்துவிட்டோம். ஆனால் இதன் விலையைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. விலைவாசியோடு சீராக ஏறியிருந்தால் 2010இல் அவர் எடுத்திருக்க வேண்டியது 6.1. எடுத்தது 4.2. "ஒவ்வொரு தடவையும் பத்து சதவீதம்தானே" என்று தோன்றும் வெட்டு, விடுபட்ட ஏற்றங்களோடு சேர்ந்து, வாங்கும் சக்தியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விட்டது. இருபது ஆண்டில் அவர் எடுத்த மொத்தம் 94.5, வெட்டில்லாத முறையில் 121.5. வாடகை, மருந்து, காப்பீடு என்று குறைக்கவே முடியாத செலவு மொத்தத்தில் முக்கால் பங்கு இருப்பவரால் இந்த விதியைப் பின்பற்ற முடியாது. எழுதி வைத்துக்கொள்வார், வெட்ட வேண்டிய ஜனவரியில் கைவிட்டுவிடுவார். அதனால் இந்த முறைக்குப் போகுமுன் செலவை இரண்டாகப் பிரித்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்: எது நின்றால் வாழ்க்கை நிற்கும், எது நின்றால் வருத்தம் மட்டும் வரும். முதல் பகுதிக்கு ஓய்வூதியமோ ஆயுள் முழுக்கப் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டமோ இருந்தால், சேமிப்பின் மேல் வேலி போடுவது நடக்கக்கூடிய காரியம். இல்லையென்றால் தொடக்கத்திலேயே 5ஐ விட்டுவிட்டு 4க்கோ அதற்கும் கீழோ வருவதுதான் அவருக்கு உண்மையான வழி.

இன்னொரு குறையும் இதே கணக்கில் தெரிகிறது. 2020 ஜனவரியில் விதிப்படி அண்ணன் எடுக்கக்கூடியது 5.0. இருபது ஆண்டுக்கு முன் தொடங்கிய அதே எண், நடுவில் விலைவாசி பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது. நடப்பு விகிதம் 4.4 சதவீதம், 4க்குக் கீழே போகாததால் கூடுதல் தர விதி அனுமதிக்கவில்லை. ஆனால் அவருக்கு இன்னும் தேவைப்படுவது பத்து ஆண்டுகள், கையில் இருப்பது 114. பணவீக்கத்தைத் தாண்டி ஒரு பைசா லாபம் வராது என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு இன்றைய மதிப்பில் 11.4 எடுக்கலாம். அவரும் மனைவியும் பத்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடும் என்று பதினெட்டு ஆண்டாக நீட்டினாலும் 6.3 வருகிறது. 30 ஆண்டு மீதமிருந்தபோது போட்ட வேலியை, பத்து ஆண்டு மீதமிருக்கும்போதும் நகர்த்தாமல் வைத்திருப்பதால் வந்த கஞ்சத்தனம் இது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, மீதமுள்ள ஆண்டுகளை எண்ணித் தொடக்க விகிதத்தையே புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தால், 2015லேயே அவர் செலவை 6க்குக் கொண்டுபோயிருக்கலாம். அப்போது கையிருப்பு 98.6, மீதம் பதினைந்து ஆண்டு. வகுத்தால் லாபமே இல்லாமல் 6.6 வருகிறது.